சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் கேம் கன்சோல்: போர்ட் ஃபார்வர்டிங் ஏன் பலிக்காது, அதை எப்படி உறுதிசெய்வது, பிறகு என்ன செய்வது

என் அக்கா மகன் திருப்பூரில் இருக்கிறான். அவன் வீட்டில் ஃபைபர் இணைப்பும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலும் இருக்கின்றன. விளையாட்டில் தனியாக இருக்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் நண்பர்களை அழைத்து அவனே அறையைத் திறந்தால் சிலர் வந்து சேர்கிறார்கள், சிலருக்கு இணைப்பு அறுந்துபோகிறது. கன்சோல் திரையில் `NAT Type: Strict` என்று வந்தது, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகள் பெரும்பாலும் கன்சோலை எட்டுவதில்லை. இணையத்தில் படித்துப் பார்த்து, ரவுட்டரில் 3074 எண்ணுள்ள போர்ட்டைக் கன்சோலுக்குத் திருப்பிவிட்டான், கருவிகள் தாமே ரவுட்டரிடம் போர்ட் திறக்கக் கேட்கும் யூபிஎன்பி வசதியை இயக்கினான், கடைசியில் வெளியிலிருந்து வருவதெல்லாம் கன்சோலுக்கே போகும்படி அதை `DMZ` பகுதியிலேயே வைத்தான். "எல்லாம் பண்ணிட்டேன் மாமா, இன்னும் ஸ்ட்ரிக்ட்னுதான் வருது" என்று தொலைபேசியில் சொன்னான். அவன் செய்தவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. அவன் அமைத்த விதிகள் காத்திருந்த இடத்துக்கு வெளியிலிருந்து எந்தத் தரவுப் பாக்கெட்டும் வந்து சேரவே இல்லை என்பதுதான் சிக்கல். அந்த வீட்டின் இணைப்பை வைத்தே இதைப் படிப்படியாக விளக்குகிறேன். முகவரி எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், 203.0.113 என்றும் 198.51.100 என்றும் தொடங்கும் எண்கள் இத்தகைய விளக்கங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

ஒரே முகவரியில் பல வீடுகள்

ஐபிவி4 முகவரி 32 பிட் நீளமுடையது. ஆகவே மொத்த முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிதான். உலகளாவிய கையிருப்பின் கடைசித் தொகுப்புகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் அமைப்பும் அதே ஆண்டு ஏப்ரலில் தன் இறுதித் தொகுப்பை எட்டியது. அதன் பிறகு புதிதாக வளர்ந்த இணையச் சேவை நிறுவனங்களால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக ஒரு பொது முகவரி கொடுக்க இயலவில்லை. வீட்டு ரவுட்டர் ஒரே முகவரிக்குப் பின்னால் பல கருவிகளை மறைத்து வைப்பதைப் போல, நிறுவனங்களும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கத் தொடங்கின. இந்தப் பெரிய அளவிலான முகவரி மாற்றத்தைத்தான் சிஜிநாட் என்கிறோம்.

நிறுவனத்துக்கும் வீட்டு ரவுட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் பயன்படுத்துவதற்கென்றே 2012 ஏப்ரலில் ஒரு முகவரித் தொகுப்பு ஒதுக்கப்பட்டது. அது 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை நீள்கிறது. இந்த முகவரிகள் பொது இணையத்தில் செல்லுபடியாகாதவை. ஒரு நிறுவனத்தின் வலைக்குள் மட்டுமே பொருள் உடையவை. உங்கள் ரவுட்டருக்கு இப்படியொரு முகவரி வந்திருந்தால், உலகத்தின் பார்வையில் உங்கள் ரவுட்டர் இருப்பதே தெரியாது.

பகிர்வு எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பொது முகவரியில் 65,536 போர்ட் எண்கள் உண்டு. முதல் 1,024 எண்களை ஒதுக்கி வைத்தால் 64,512 மிஞ்சும். ஒரு வீட்டுக்கு 1,008 போர்ட் என்று பிரித்தால் சரியாக 64 வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எண்ணிக்கை மாறும்; ஆனால் எப்படிப் பிரித்தாலும் 3074 என்ற எண் ஒரு முகவரிக்கு ஒன்றுதான். அந்த 64 வீடுகளில் பத்து எக்ஸ்பாக்ஸ் இருந்தாலும், வெளியுலகுக்கு 3074 என்று காட்டிக்கொள்ள ஒன்றால் மட்டுமே முடியும்.

ஒரு பாக்கெட் போகும் வழியும் வரும் வழியும்

கன்சோலின் முகவரி 192.168.1.20. அது 3074 போர்ட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை வெளியே அனுப்புகிறது. வீட்டு ரவுட்டர் அனுப்புநர் முகவரியை 100.72.14.9 என்று மாற்றுகிறது. போர்ட் பெரும்பாலும் 3074-ஆகவே இருக்கும். அடுத்ததாக நிறுவனத்தின் சிஜிநாட் கருவி அதை 203.0.113.45 என்றும், போர்ட்டை 41822 என்றும் மாற்றித் தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: "41822-க்குப் பதில் வந்தால் 100.72.14.9-இன் 3074-க்கு அனுப்பு." எதிர்முனையின் பதில் 41822-க்கு வரும், இரண்டு அட்டவணைகளும் பின்னோக்கிப் பார்க்கப்பட்டு, அது கன்சோலை வந்தடையும். நீங்கள் தொடங்கிவைத்த உரையாடல் ஆதலால் இதில் எந்தத் தடையும் இல்லை. இணையதளம், காணொளி, விளையாட்டு நிறுவனத்தின் சொந்த சர்வர் ஆகியவையெல்லாம் சிஜிநாட்டுக்குப் பின்னாலும் வழக்கம்போல ஓடுவது இதனால்தான்.

இப்போது திசையைத் திருப்புங்கள். இதுவரை நம்மோடு பேசாத ஒரு நண்பனின் கன்சோல் 203.0.113.45-இன் 3074-க்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. அது சிஜிநாட் கருவியை அடைகிறது. 3074 என்ற எண்ணுக்கு அட்டவணையில் வரி இல்லை; 64 வீடுகளில் யாருக்கு அனுப்புவது என்று அந்தக் கருவிக்குத் தெரிய வழியில்லை; பாக்கெட்டைக் கைவிடுகிறது. "3074-க்கு வருவதை 192.168.1.20-க்கு அனுப்பு" என்று நீங்கள் எழுதிய விதி வீட்டு ரவுட்டரில், 100.72.14.9 என்ற முகவரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் என்பது தன்னிடம் வந்துவிட்ட பாக்கெட்டை எங்கே அனுப்புவது என்று ரவுட்டருக்குச் சொல்லும் அறிவுரை. வராத பாக்கெட்டை வரவழைக்க அதற்கு ஆற்றல் இல்லை.

`DMZ` அமைப்பும் இதே காரணத்தால் பயனற்றது. டைனமிக் டிஎன்எஸ் ஒரு பெயரை முகவரியோடு கட்டித் தருகிறது. கட்டப்படும் முகவரியே பகிர்ந்த முகவரி என்றால் பெயராலும் பயனில்லை. எக்ஸ்பாக்ஸின் மேம்பட்ட அமைப்புகளில் `Alternate port selection` என்று வேறு போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அது ஒரே வீட்டில் இரண்டு கன்சோல்கள் 3074-க்குப் போட்டியிடும் நிலைக்கு உரியது. இங்கே எந்த எண்ணைத் தேர்ந்தாலும் சிஜிநாட் வெளியே காட்டும் எண் அதுவாக இருக்காது. விலை உயர்ந்த கேமிங் ரவுட்டர் வாங்குவதும் அப்படித்தான். இதற்காகப் பணம் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியை மாற்றினாலும் நிறுவனத்தின் அட்டவணையில் ஒரு வரிகூடச் சேராது.

யூபிஎன்பி இன்னொரு விதத்தில் ஏமாற்றும். கன்சோல் கேட்டவுடன் பல ரவுட்டர்கள் "திறந்துவிட்டேன்" என்று சொல்லிவிடும். ரவுட்டரின் பக்கத்தில் அந்த விதி பச்சையாகத் தெரியும். அது பொய்யும் அல்ல, 100.72.14.9-இல் போர்ட் உண்மையாகவே திறந்திருக்கிறது. அந்த முகவரிக்கு வெளியிலிருந்து வழிதான் இல்லை.

படி 1: ரவுட்டருக்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள்

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையுங்கள். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. `Status` அல்லது `WAN` என்ற பகுதியில் உள்ள ஐபிவி4 முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் அங்கே 100.72.14.9 என்று இருந்தது.

படி 2: உலகம் பார்க்கும் முகவரியோடு ஒப்பிடுங்கள்

அதே வீட்டு இணைப்பில் உள்ள கணினியில், விபிஎன் எதுவும் இயங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கட்டளைச் சாளரத்தில், விண்டோஸ் என்றால் `Command Prompt`-இல், இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
curl -4 https://api.ipify.org
```

`-4` என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஐபிவி6 முகவரி வந்து குழப்பிவிடக்கூடும். முகவரியைக் காட்டும் பல இணையப் பக்கங்களிலும் இந்தக் குழப்பம் நேர்கிறது. இங்கே விடை 203.0.113.45. ரவுட்டர் சொல்வது ஒன்று, உலகம் சொல்வது வேறு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சிஜிநாட் பெரும்பாலும் இல்லை. அப்போது போர்ட் ஃபார்வர்டிங் பலிக்க வேண்டும், பலிக்காததற்குக் காரணத்தை உங்கள் விதியிலோ நிறுவனத்தின் தடுப்பிலோதான் தேட வேண்டும்.

இரண்டும் வேறாக இருந்தால், ரவுட்டரின் முகவரி எந்த வகை என்று பாருங்கள். 100-க்கு அடுத்த எண் 64 முதல் 127 வரை இருந்தால் சிஜிநாட் என்று உறுதியாகச் சொல்லலாம். 100-இல் தொடங்குவதெல்லாம் அந்த வகை அல்ல, 100.20 போன்றவை உண்மையான பொது முகவரிகள். 10-இல் தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை இருந்தாலும், நிறுவனம் தனி முகவரித் தொகுப்பையே சிஜிநாட்டுக்குப் பயன்படுத்துகிறது என்பது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். 192.168-இல் தொடங்கினால் மட்டும் அவசரப்பட வேண்டாம். ஃபைபர் கம்பி வந்து சேரும் நிறுவனத்தின் பெட்டியே ஒரு ரவுட்டராக இருந்து, அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் இருக்கலாம். அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இரட்டை முகவரி மாற்றம். நிறுவனப் பெட்டியை `Bridge` நிலைக்கு மாற்றச் சொன்னால் அந்த அடுக்கு போய்விடும். அதன் பிறகு படி 1-இலிருந்து மறுபடியும் பாருங்கள், ஏனெனில் அந்தப் பெட்டிக்கு அப்பாலும் சிஜிநாட் இருக்கக்கூடும்.

எக்ஸ்பாக்ஸ் `Double NAT detected` என்று எச்சரித்தாலும் அது எந்த இரட்டை என்று சொல்வதில்லை. வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர் இருப்பதும், வீட்டில் ஒன்றும் நிறுவனத்தில் ஒன்றும் இருப்பதும் கன்சோலின் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும்.

படி 3: வழியை எண்ணிப் பாருங்கள்

விண்டோஸ் கணினியில் உங்கள் சொந்தப் பொது முகவரிக்கே வழி கேளுங்கள்:

```
tracert -4 -d 203.0.113.45
```

அந்த முகவரி உங்கள் ரவுட்டரிலேயே இருந்தால் ஒரே தாவலில் முடிந்துவிடும். சிஜிநாட் இருந்தால் முதலில் 192.168.1.1, பிறகு நிறுவனத்தின் ஒன்றிரண்டு கருவிகள் என்று வழி நீளும், அல்லது பதிலின்றி நட்சத்திரக் குறிகளாக ஓடும். வேறொரு தளத்துக்குப் போகும் வழியின் நடுவே 10-இல் தொடங்கும் முகவரிகளைப் பார்த்துவிட்டு, "சிஜிநாட் இருக்கிறது" என்று முடிவு கட்டுவது சரியல்ல. பல நிறுவனங்கள் தம் உள் இணைப்புகளுக்கு அத்தகைய எண்களை வைத்துக்கொள்கின்றன. அவை வாடிக்கையாளரின் முகவரியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

படி 4: பாக்கெட் வரவில்லை என்பதைக் கண்ணால் காணுங்கள்

ஓபன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் உள்ள ரவுட்டர் இருந்தால் இதைச் செய்து பார்ப்பது நல்லது, ஏனெனில் இதற்குப் பிறகு விவாதத்துக்கே இடமிருக்காது. வீட்டில் யாரும் பயன்படுத்தாத ஒரு போர்ட் எண்ணை, உதாரணத்துக்கு 40555-ஐ, எடுத்துக்கொண்டு ரவுட்டரில் இதை ஓடவிடுங்கள். இடைமுகத்தின் பெயர் உங்கள் ரவுட்டரில் வேறாக இருக்கலாம்:

```
tcpdump -ni pppoe-wan udp port 40555
```

லினக்ஸ் அல்லது மேக் உள்ள இன்னொரு கணினியைக் கைபேசியின் மொபைல் டேட்டாவில் இணைத்து, அங்கிருந்து ஒரு பாக்கெட் அனுப்புங்கள்:

```
echo test | nc -u -w1 203.0.113.45 40555
```

உங்களுக்கே உரிய பொது முகவரி என்றால், ஃபார்வர்டிங் விதி எதுவும் இல்லாவிட்டாலும் அந்தப் பாக்கெட் ரவுட்டரின் வாசலுக்கு வந்ததைத் திரையில் காணலாம். திருப்பூர் வீட்டில் ஐந்து முறை அனுப்பியும் ஒரு வரிகூட வரவில்லை. கன்சோலின் 3074-ஐ வைத்தே இதைச் செய்யாதீர்கள்; கன்சோல் தானே நடத்தும் உரையாடலின் பாக்கெட்டுகள் திரையை நிரப்பி, பாதை திறந்திருப்பதாகத் தவறாக எண்ண வைக்கும். இணையத்தில் உள்ள போர்ட் சோதனைப் பக்கங்களையும் நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை டிசிபி முறையை மட்டுமே சோதிக்கின்றன. எக்ஸ்பாக்ஸின் ஆட்டப் போக்குவரத்து யூடிபி 3074-இல் நடப்பது.

சிலர் மட்டும் எப்படிச் சேர முடிகிறது

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தும் சில நண்பர்கள் இணைவது ஏன் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான் அறிகுறிகளைப் படிக்க முடியும். இரண்டு கன்சோல்களும் முதலில் ஒரு பொதுச் சர்வரோடு பேசுகின்றன. அது "உன்னை நான் 203.0.113.45-இன் 41822-ஆகப் பார்க்கிறேன்" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லி, ஒன்றின் முகவரியை மற்றதற்குத் தெரிவிக்கிறது. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று அனுப்பத் தொடங்குகின்றன. வெளியே போகும் பாக்கெட் அட்டவணையில் வரி எழுதிவைப்பதால், உள்ளே வரும் பாக்கெட்டுக்கு வழி பிறக்கிறது.

கன்சோல் யாரோடு பேசினாலும் சிஜிநாட் அதே 41822-ஐக் கொடுத்தால் இந்த உத்தி பலிக்கும். கன்சோல் `Moderate` என்று காட்ட வாய்ப்புண்டு. ஒவ்வோர் எதிர்முனைக்கும் வெவ்வேறு போர்ட் எண்ணைக் கொடுக்கும் கருவி என்றால், சர்வர் சொன்ன எண் நண்பனுக்குப் பயன்படாது; அப்போதுதான் `Strict` வருகிறது. எக்ஸ்பாக்ஸ் கணக்கில் `Strict` கன்சோல் `Open` கன்சோலோடு மட்டுமே நேரடியாக இணையும். `Moderate` கன்சோல் `Open`, `Moderate` இரண்டோடும் இணையும். ஆகவே அக்கா மகனுக்குச் சேர்ந்தவர்கள் யாரென்று விசாரித்தபோது, அவர்கள் எல்லாருமே `Open` நிலையில் இருந்தவர்கள் என்று தெரிந்தது.

அவனுடைய நெருங்கிய நண்பன் இரண்டு தெரு தள்ளி, அதே நிறுவனத்தின் இணைப்பில் இருக்கிறான். அவனோடு ஒருமுறைகூட இணைய முடிந்ததில்லை. இருவருக்கும் வெளிமுகவரி அதே 203.0.113.45 என்று பிறகு பார்த்தோம். இந்த நிலையில் உள்ளிருந்து கிளம்பிய பாக்கெட்டைச் சிஜிநாட் கருவி தன் பொது முகவரிக்கே திருப்பி மறுபடியும் உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கான வசதி அணைக்கப்பட்டிருந்தால் அடுத்த தெரு நண்பன் எட்டாமல் போய், அமெரிக்காவில் இருப்பவன் எளிதில் கிடைப்பான். இத்தகைய முரணைக் கண்டால் நிறுவனத்தின் பக்கமே சந்தேகப்படுங்கள்.

படி 5: பலிக்கும் வழிகள்

முதல் வழி, நிறுவனத்திடம் பொது ஐபிவி4 முகவரி கேட்பது. "இணையம் சரியில்லை" என்று புகார் செய்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "எனக்கு 100.72 முகவரி வந்திருக்கிறது, சிஜிநாட்டிலிருந்து என் இணைப்பை நீக்கிப் பொது முகவரி கொடுங்கள்" என்று கேளுங்கள். நிலையான முகவரியைக் கட்டணத்துக்கு விற்கும் நிறுவனங்கள் பல. கன்சோலுக்கு நிலையான முகவரி தேவையே இல்லை; அவ்வப்போது மாறினாலும் பொது முகவரியாக இருந்தால் போதும் என்பதையும் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் அது இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ கிடைக்கும். சிஜிநாட் கருவியிடம் வாடிக்கையாளரின் ரவுட்டரே போர்ட் கேட்பதற்கு பிசிபி என்ற நெறிமுறை 2013-இலேயே வந்துவிட்டது. ஆனால் நிறுவனங்கள் அதை வீட்டு வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிடுவது அரிது.

இரண்டாவது வழி ஐபிவி6. அதில் கன்சோலுக்கே உலகளாவிய முகவரி கிடைப்பதால் சிஜிநாட் குறுக்கே வராது. ரவுட்டரில் ஐபிவி6-ஐ இயக்கி, கன்சோலின் மேம்பட்ட அமைப்புகளில் அந்த முகவரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. எதிர்முனையிலும் ஐபிவி6 இருக்க வேண்டும், ஆட்டமும் அதைப் பயன்படுத்த வேண்டும். மேலும், பல ரவுட்டர்கள் ஐபிவி6-இல் உள்ளே வரும் பாக்கெட்டுகளை இயல்பாகவே தடுக்கின்றன; ஆகவே ஃபயர்வாலில் கன்சோலுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது வழி, பொது முகவரி உள்ள ஒரு வாடகைச் சர்வருக்கு வீட்டு ரவுட்டரிலிருந்து வயர்கார்ட் என்ற விபிஎன் சுரங்கம் அமைத்து, அந்தச் சர்வரின் 3074-ஐச் சுரங்கத்தின் வழியே கன்சோலுக்குத் திருப்புவது. சுரங்கத்தை உள்ளிருந்து நாமே தொடங்குவதால் சிஜிநாட் தடுப்பதில்லை. அட்டவணை வரி காலாவதியாகாமல் இருக்க ரவுட்டரின் அமைப்பில் இந்த வரி தேவை:

```
PersistentKeepalive = 25
```

கன்சோலின் வெளியே போகும் போக்குவரத்தும் அதே சுரங்கத்தின் வழியே போக வேண்டும்; இல்லையென்றால் அறிவிக்கப்படும் முகவரி ஒன்று, திறந்த முகவரி வேறு என்றாகிவிடும். சென்னை, மும்பை போன்ற அருகிலுள்ள ஊரில் சர்வர் இருந்தால் தாமதம் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கும். சிங்கப்பூரில் வைத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் அங்கே போய்த்தான் வரும். மற்ற இரண்டும் கைகூடாதபோது மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

படி 6: முகவரி கிடைத்த பிறகு

திருப்பூர் வீட்டில் முதல் வழியே பலித்தது. மூன்றாவது அழைப்பில் தொழில்நுட்பப் பிரிவிலிருந்த ஒருவர் கோரிக்கையைப் புரிந்துகொண்டு பதிவு செய்தார். மறுநாள் ரவுட்டரை அணைத்துப் போட்டதும் `WAN` பகுதியில் 198.51.100.77 என்று வந்தது, `curl` கட்டளையும் அதையே காட்டியது. படி 4-ஐ மறுபடி செய்தபோது பாக்கெட் திரையில் வந்து விழுந்தது.

அதன் பிறகே பழைய விதிகளைத் தொட்டோம். `DMZ` அமைப்பை முதலில் நீக்கினோம். ரவுட்டரில் கன்சோலுக்கு 192.168.1.20 என்ற முகவரியை நிலையாக ஒதுக்கினோம். இல்லையென்றால் ஒருநாள் அந்த முகவரி வேறொரு கருவிக்குப் போய், விதி தவறான இடத்தைக் காட்டும். யூடிபி 3074-க்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு, அதே போர்ட்டுக்கு யூபிஎன்பி இன்னொரு விதி எழுதாதபடி அதை அணைத்தோம். பொது முகவரி வந்துவிட்டதால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்கிறதா என்று மொபைல் டேட்டாவில் சோதித்து, `Remote Management` அணைந்திருப்பதை உறுதிசெய்தோம். சிஜிநாட் இருந்தவரை அந்த வாசலை வெளியிலிருந்து யாரும் தட்ட முடியாமல் இருந்தது. கன்சோலை முழுவதுமாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி மறுபடி இயக்கி, `Network settings` பகுதியில் `Test NAT type` கொடுத்தபோது `Open` என்று வந்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் நண்பனின் கன்சோல் இன்றும் சிஜிநாட்டுக்குப் பின்னால் `Strict` நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அறையை அக்கா மகன் திறந்தால் அவனும் உள்ளே வந்துவிடுகிறான்.